கமிஷன் சரிபார்க்கும் ஷீட்டில் என்னை அதிகம் படுத்தியது கிளாபேக் தேதிதான்

விற்பனை ஏஜென்ட்டுகளின் ஒப்பந்தங்களைப் படித்து, யாருக்கு எத்தனை சதவீதம், வாடிக்கையாளர் பாதியில் ரத்து செய்தால் கொடுத்த கமிஷனில் எவ்வளவு திரும்பப் பிடிக்கலாம் என்பதையெல்லாம் ஒரே ஷீட்டில் கொண்டுவரும் வேலை என்னிடம் வந்தது. விகிதம் எடுப்பது சுலபம். பெரும்பாலும் ஒப்பந்தத்தின் பின்னிணைப்பில் அட்டவணையாகவே இருக்கும். பின்னால் வந்த திருத்தக் கடிதம் ஏதாவது அதை மாற்றியிருந்தால் பழைய வரியை அழிக்காமல், எந்தத் தேதி முதல் எந்தத் தேதி வரை என்று போட்டுப் புது வரி சேர்த்தேன்.

இப்படித் திரும்பப் பிடிக்கும் கிளாபேக்தான் பாடாய்ப் படுத்தியது. "12 மாதங்களுக்குள் ரத்தானால் மீதமுள்ள மாதங்களுக்கு உரிய கமிஷன் திரும்பப் பெறப்படும்" என்று இருக்கும், ஆனால் அந்த 12 மாதம் எந்த நாளிலிருந்து? ஒன்றில் இன்வாய்ஸ் தேதி, இன்னொன்றில் கமிஷன் கைக்கு வந்த தேதி, சிலவற்றில் ஒன்றுமே இல்லை.

2,40,000 மதிப்புள்ள விற்பனை, 5% கமிஷன், அதாவது 12,000 என்று வையுங்கள். இன்வாய்ஸ் ஜனவரி 20, கமிஷன் கொடுத்தது மார்ச் 5, ரத்தானது ஜூலை 10. இன்வாய்ஸிலிருந்து எண்ணினால் 5 முழு மாதம் ஓடியிருக்கிறது, மீதி 7 மாதத்துக்கு 7,000 பிடிக்க வேண்டும். கமிஷன் தேதியிலிருந்து எண்ணினால் 4 மாதம்தான், 8,000 பிடிக்கலாம். அரைகுறை மாதத்தையும் முழு மாதமாக எண்ணச் சொல்லும் ஒப்பந்தமாக இருந்தால் முதல் கணக்கே 6,000 ஆகிவிடும். ஒரே ரத்துக்கு மூன்று தொகை!

அதனால் 'கிளாபேக் 12 மாதம்' என்று ஒரே கட்டத்தில் எழுதுவதை விட்டுவிட்டு, தொடக்க நாள் எது, அரை மாதத்தை எப்படி எண்ணுவது என்று தனித்தனி பத்திகள் வைத்தேன். பக்கத்திலேயே ஷரத்து எண்ணும் அந்த வாக்கியமும் அப்படியே இருக்கும், ஏஜென்ட் சண்டைக்கு வந்தால் காட்ட அதுதான் உதவும். தெளிவில்லாத ஒப்பந்தங்களுக்கு நானாக அர்த்தம் பண்ணிக்கொள்ளவில்லை, சட்டப் பிரிவிடம் எழுத்தில் பதில் வாங்கிய பிறகே நிரப்பினேன்.

முழு மாதக் கணக்குக்கான ஃபார்முலா இது. C2 தொடக்க நாள், D2 ரத்தான நாள், E2 கொடுத்த கமிஷன்:

```
=IF(OR(C2="",D2=""),"",E2*MAX(0,1-DATEDIF(C2,D2,"m")/12))
```

C2 காலியா என்று பார்க்கும் பகுதியை எடுத்துவிடாதீர்கள். அது இல்லாவிட்டால் எக்செல் காலிக் கட்டத்தை 1900-ம் ஆண்டாக எடுத்துக்கொண்டு, 12 மாதம் எப்போதோ முடிந்துவிட்டது என்று சத்தமில்லாமல் பூஜ்யம் காட்டிவிடும், பார்ப்பவருக்கு அது சரியான விடை போலவே தெரியும். `#NUM!` வந்தால் அது வேறு: தொடக்க நாளுக்கு முன்பே ரத்தாகியிருக்கிறது. கமிஷன் தேதியிலிருந்து எண்ணும் ஒப்பந்தத்தில் அப்படி வந்தால், விற்பனை ரத்தான பிறகும் பணம் போயிருக்கிறது என்று பொருள். அங்கே விகிதாச்சாரக் கணக்கே வேண்டாம், மொத்த 12,000-மும் ஏன் போனது என்று கேட்க வேண்டும்.