ஒரே படத்துக்குள் இரண்டு சேமிப்புகள்

ஒட்டுப்படம் என்று சந்தேகிக்கப்படும் ஒன்று கைக்கு வந்ததும் கண் முதலில் போவது நிழலுக்கும், வெளிச்சத்தின் திசைக்கும், தலைமுடியின் ஓரத்துக்கும்தான். கைதேர்ந்தவர் ஒட்டியிருந்தால் அங்கே எதுவும் கிடைக்காது. நிறத்தைப் பொருத்தியிருப்பார், ஓரத்தை மென்மையாக்கியிருப்பார், நிழலையும் வரைந்திருப்பார். அவர் பெரும்பாலும் தொடாமல் விடுவது கண்ணுக்குத் தெரியாத ஒன்று: வெட்டி எடுத்த உருவம் அதற்கு முன் எந்தத் தரத்தில் சேமிக்கப்பட்டிருந்தது என்ற தடம்.

அந்தத் தடத்தைத் தேடும் எளிய வழிதான் பிழை அளவுப் பகுப்பாய்வு. ஆங்கில எழுத்துகளை வைத்து இ.எல்.ஏ. என்பார்கள். 2007-இல் கணினித் தடயவியல் ஆய்வாளர் நீல் கிராவெட்ஸ் இதை முன்வைத்தார். படத்தைத் தெரிந்த ஒரு தரத்தில் மறுபடி ஜேபெக்காகச் சேமித்து, பழையதிலிருந்து புதியதைக் கழித்து, மிஞ்சும் வேறுபாட்டைப் பெருக்கிப் பார்ப்பது, அவ்வளவுதான். இமேஜ்மேஜிக் என்ற கட்டளைவரி மென்பொருளில் இப்படி எழுதலாம்:

```
magick doubt.jpg -quality 95 r.jpg
magick doubt.jpg r.jpg -compose difference -composite -evaluate multiply 15 ela.png
```

இரண்டே வரி என்பதால்தான் இது தவறாகவும் அதிகம் பயன்படுகிறது. கருப்புப் பின்னணியில் ஓர் உருவம் பளிச்சென்று தெரிந்தால் 'ஒட்டு' என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். அந்தப் பளிச்சுக்குப் பொருள் என்ன என்று புரிய, ஜேபெக் எங்கே தகவலை இழக்கிறது என்பதைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும்.

ஜேபெக் படத்தை 8×8 பிக்சல் கட்டங்களாகப் பிரிக்கிறது. ஒவ்வொரு கட்டத்தையும், பரந்த அலை முதல் மிக நுண்ணிய அலை வரை 64 அலைகளின் வலிமையைச் சொல்லும் 64 எண்களாக மாற்றுகிறது. ஒவ்வொரு எண்ணையும் அதற்குரிய படியளவால் வகுத்து முழு எண்ணாக்குகிறது. முக்கியமான இழப்பு இங்கேதான் நடக்கிறது. பரவலாகப் புழங்கும் லிப்ஜேபெக் என்ற மென்பொருள் நூலகத்தின் அட்டவணையில், ஒளிக்கான முதல் இடத்தின் படியளவு தரம் 70-இல் 10, தரம் 90-இல் 3, தரம் 95-இல் 2. மிக நுண்ணிய விவரத்துக்கான கடைசி இடத்தில் அதே மூன்று தரங்களுக்கும் முறையே 59, 20, 10. ஆகவே தரம் 70-இல் சேமித்த படத்தில் நுண்விவர எண்களில் பெரும்பாலானவை சுழியாகிவிடும். பிறகு அதை எவ்வளவு உயர்ந்த தரத்தில் சேமித்தாலும் அந்த விவரம் திரும்பி வராது.

இப்போது ஒரு எடுத்துக்காட்டை முழுதாகப் பார்ப்போம். ஒரு குழுப்படம், கேமராவிலிருந்து உயர்ந்த தரத்தில் வந்தது. அதில் வலது ஓரத்தில் ஒருவரைச் சேர்க்கிறார்கள். சேர்த்தவரின் உருவம் தரம் 70-இல் சேமிக்கப்பட்ட வேறொரு படத்திலிருந்து, அளவு மாற்றாமல் எடுக்கப்பட்டது. முடிந்த படம் தரம் 90-இல் சேமிக்கப்பட்டது. நம் கையில் இருப்பது அந்தக் கடைசிக் கோப்பு மட்டும்.

முதலில் கோப்பின் கடைசித் தரத்தைக் கேட்டுக்கொள்ள வேண்டும்.

```
magick identify -format "%Q %[jpeg:sampling-factor]\n" doubt.jpg
```

90 என்று வரும். இதைப் பார்க்காமல் வழக்கப்படி தரம் 95-இல் மறுசேமிப்பு செய்தால், படம் முழுக்க ஏறக்குறைய கருப்பாகவே இருக்கும். காரணம் எளிது: 95-இன் படியளவுகள் 90-இன் படியளவுகளில் சுமார் பாதி. 20-இன் மடங்காக ஏற்கெனவே நிற்கும் எண்ணை 10-ஆல் வகுத்தால் மீதி வராது, பிழையும் வராது. 'எங்கும் கருப்பு, ஆகவே சுத்தமான படம்' என்ற தவறான முடிவுகளில் ஒரு பகுதி இப்படித்தான் பிறக்கிறது. இந்தக் கோப்புக்குத் தரம் 75 போன்ற ஒன்றில் சோதிப்பதே பயன் தரும்.

75-இல் சோதித்தால் சேர்க்கப்பட்டவரின் சட்டை, பக்கத்தில் நிற்பவரின் சட்டையைவிட மங்கலாகத் தெரியும். பளிச்சென்று அல்ல, மங்கலாக. அவர் உருவத்தின் நுண்விவரம் தரம் 70-லேயே போய்விட்டதால், இப்போது இழப்பதற்கு அதிகம் இல்லை. பக்கத்துச் சட்டையில் நெசவு வரை விவரம் இருப்பதால் அங்கே இழப்பு அதிகம். பின்னணிதான் பலமுறை சேமிக்கப்பட்டது, உருவம் புதிது என்றால் இது தலைகீழாகும். எனவே பிரகாசம், மங்கல் என்ற திசையில் குற்றம் இல்லை. ஒரே மாதிரியான இரண்டு பரப்புகள் வேறுபடுகின்றனவா என்பதுதான் கேள்வி. துணியைத் துணியோடும், தோலைத் தோலோடும், கூர்மையான ஓரத்தை அதே அளவு கூர்மையான ஓரத்தோடும் ஒப்பிட வேண்டும். வெறும் சுவரையும் தலைமுடியையும் ஒப்பிட்டால், தொடப்படாத படத்திலும் வேறுபாடு கிடைக்கும்.

ஆனாலும் இந்த மங்கல் மட்டும் போதாது. அவர் போகஸுக்குச் சற்று வெளியே நின்றிருந்தாலும் இப்படித்தான் தெரியும். அடுத்த படிதான் என் பார்வையில் உண்மையான சான்று. படத் தடயவியல் ஆய்வாளர் ஹேனி ஃபரீத் 2009-இல் விவரித்த 'ஜேபெக் பேய்' முறை அது. ஒரு தரத்தில் மட்டும் சோதிக்காமல் 60 முதல் 90 வரை ஐந்தைந்தாக ஏற்றிச் சோதிப்பது.

ஒரு எண்ணை வைத்துப் பார்த்தால் ஏன் என்று புரியும். ஒரு கட்டத்தில் படியளவு 10 கொண்ட இடத்தில் 27 என்ற எண் இருந்தது என்று வைத்துக்கொள்வோம். தரம் 70 அதை 30 ஆக்கிவிடும். பிறகு தரம் 90-இன் படியளவு 3, அதிலும் 30 அப்படியே நிற்கும். இப்போது 70-இல் சோதித்தால் பிழை சுழி. 75-இல் படியளவு 8, எண் 32 ஆகும், பிழை 2. 65-இல் படியளவு 11, எண் 33 ஆகும், பிழை 3. தரம் 70-ஐ ஒருபோதும் பார்க்காத பக்கத்துப் பகுதியில் 27 என்பது 90-இல் 27 ஆகவே நிற்கும், 70-இல் சோதித்தால் 30 ஆகி, பிழை 3 வரும். ஒற்றை எண் தற்செயலாக எப்படியும் அமையலாம். ஆயிரக்கணக்கான கட்டங்களின் சராசரி அப்படி அமையாது. சேர்க்கப்பட்ட உருவம் மட்டும் 70-இல் இருண்டு, முன்னும் பின்னும் வெளுத்தால், அதன் பழைய சேமிப்பைப் பிடித்துவிட்டோம்.

இங்கே ஒரு சிக்கல் உண்டு, பலர் கைவிடுவதும் இங்கேதான். உருவத்தின் பழைய 8×8 கட்டக்கோடு புதிய படத்தின் கட்டக்கோட்டோடு பொருந்தியிருந்தால்தான் அந்த இருள் தெளிவாக வரும். தோன்றிய இடத்தில் ஒட்டினால், பொருந்த 64-இல் ஒரு வாய்ப்புதான். ஆகவே படத்தின் இடப்பக்கத்திலிருந்து 0 முதல் 7 வரை நெடுவரிசைகளையும், மேலிருந்து 0 முதல் 7 வரை கிடைவரிசைகளையும் நறுக்கி, 64 நிலைகளையும் சோதிக்க வேண்டும். நம் எடுத்துக்காட்டில் 3 நெடுவரிசை, 5 கிடைவரிசை நறுக்கியதும் உருவம் இருள்கிறது என்று கொள்வோம்:

```
magick doubt.jpg -grayscale Rec601Luma -chop 3x5 +repage g.png
for q in 60 65 70 75 80 85 90; do
  magick g.png -quality $q t.jpg
  magick g.png t.jpg -compose difference -composite \
    -blur 0x8 -evaluate multiply 15 ghost-$q.png
done
```

சாம்பல் நிறமாக்குவது வசதிக்காக மட்டும் அல்ல. நிறத்தகவல் பெரும்பாலும் பாதி அளவில் சேமிக்கப்படுவதால் அதன் கட்டம் 16×16 ஆகிவிடும். ஒளியை மட்டும் எடுத்துக்கொண்டால் அந்தக் குழப்பம் இல்லை. மங்கலாக்குவது கட்டத்துக்குக் கட்டம் உள்ள துள்ளலைச் சராசரியாக்க. நறுக்கிய அளவு 3, 5 என்பதே தனியொரு சான்று: உருவத்தின் கட்டக்கோடு படத்தின் கட்டக்கோட்டிலிருந்து விலகியிருக்கிறது. ஒரே சொடுக்கில் எடுத்த படத்தின் ஒரு பகுதி மட்டும் அப்படி விலக வழியே இல்லை.

உருவத்தைப் பெரிதாக்கியோ சற்றுத் திருப்பியோ ஒட்டியிருந்தால் பழைய கட்டம் குலைந்துவிடும், இந்த வழி மூடிவிடும். பழைய தரம் கடைசித் தரத்தைவிட உயர்ந்திருந்தாலும் அப்படியே. அப்போது மிஞ்சுவது இரைச்சல். கேமரா உணரி ஒவ்வொரு பிக்சலிலும் சிறிய தாறுமாறை விட்டுச் செல்கிறது. அது கேமராவின் ஒளியுணர்வைக் குறிக்கும் ஐ.எஸ்.ஓ. அளவோடும், அந்த இடத்தின் ஒளியோடும் மாறும். ஒவ்வொரு பிக்சலிலிருந்தும் அதைச் சுற்றிய 3×3 பிக்சல்களின் மீடியனை, அதாவது நடு மதிப்பை, கழித்தால் அது தனியாக வெளிவரும்:

```
magick doubt.jpg -grayscale Rec601Luma \( +clone -statistic Median 3x3 \) -compose difference -composite n.png
magick n.png -crop 64x64+800+400 +repage -format "%[fx:mean*255]\n" info:
```

இரண்டாம் வரியில் உள்ள இட எண்களை மாற்றி மாற்றி, தட்டையான, ஒத்த வெளிச்சமுள்ள ஐந்தாறு இடங்களில் அளக்க வேண்டும். ஒத்த வெளிச்சம் என்பது கட்டாயம். இருண்ட மேலங்கியையும் வெளிறிய சுவரையும் ஒப்பிட்டால் இயல்பான வேறுபாட்டையே ஒட்டு என்று படித்துவிடுவோம். தரம் 70-இல் கிடந்த உருவத்தின் தட்டையான தோலில் இரைச்சல் துடைக்கப்பட்டு மெழுகு போல இருக்கும். பெரிதாக்கப்பட்டதில் எண் குறைவதோடு மணிகளும் பருத்திருக்கும். n.png-ஐப் பெருக்கி உருப்பெருக்கிப் பார்த்தால் பின்னணியில் ஒரு பிக்சல் மணிகளும் உருவத்தில் இரண்டு மூன்று பிக்சல் திட்டுகளும் தெரியும். ஒட்டியவர் வேறுபாட்டை மறைக்கச் செயற்கை இரைச்சல் தூவியிருந்தால், அது பெரும்பாலும் இருளிலும் வெளிச்சத்திலும் ஒரே அளவாக இருந்து காட்டிக்கொடுக்கும்.

ஏமாற்றும் இடங்கள் சிலவற்றை அளக்கும் முன்பே ஒதுக்கிவிடலாம். முழுதாக வெளுத்துப்போன வானமும் முழு இருளும் எப்போதும் கருப்புதான், அவற்றில் செய்தி இல்லை. அடர்ந்த சிவப்பும் நீலமும் நிறத்தகவல் இழப்பால் வண்ண இ.எல்.ஏ.-வில் எரியும். மேலே எழுதிய எழுத்தும் தேதி முத்திரையும் பளிச்சிடும். அவை உண்மையிலேயே பின்னால் சேர்க்கப்பட்டவை, ஆனால் மோசடி அல்ல. மிகவும் கவனிக்க வேண்டியது கைப்பேசிப் படங்கள். போர்ட்ரெய்ட் முறை பின்னணியை மென்பொருளால் மங்கலாக்குகிறது, அழகூட்டும் வசதி முகத்தின் இரைச்சலை மட்டும் துடைக்கிறது. ஒரே சொடுக்கில் எடுத்த படத்திலேயே முகமும் சுவரும் இரண்டு வெவ்வேறு கேமராக்கள் போல அளக்கும். இத்தகைய கோப்பில் இரைச்சல் வேறுபாட்டை மட்டும் வைத்து எதையும் எழுதக் கூடாது. கட்டக்கோடு விலகியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும், ஏனெனில் இந்தத் திருத்தங்களெல்லாம் ஜேபெக் ஆவதற்கு முன்பே நடப்பவை.

செய்திச் செயலி வழியாக வந்த கோப்பில் பெரும்பாலும் எதுவும் மிஞ்சாது. அது படத்தைச் சுருக்கி, மறுபடி கட்டமிட்டு, கீழான தரத்தில் சேமித்துவிடுகிறது. பழைய இரண்டு வரலாறுகளும் ஒரே வரலாறாகிவிடும். அங்கே இ.எல்.ஏ. சீராக வந்தால் 'ஒட்டு இல்லை' என்று எழுதாமல் 'இந்தக் கோப்பைக் கொண்டு சொல்ல இயலாது' என்றுதான் எழுத வேண்டும். எடுத்த கருவியிலிருந்து நேராக நகலெடுத்த கோப்பைக் கேட்டு வாங்கி, சோதனையை முதல் கட்டளையிலிருந்து மறுபடி தொடங்க வேண்டும்.