வெள்ளையாக இருந்தால் மருதா?

எங்கள் அத்தைக்கு மருதம்பட்டைக் கஷாயம் போட்டுக் குடிக்கச் சொல்லி யாரோ யோசனை சொல்லிவிட்டார்கள். "நாட்டு மருந்துக் கடையில வாங்கிக்கிடலாமே" என்றேன். மாமா விடவில்லை. "தாமிரபரணிக் கரை பூரா மரமா நிக்கி, காசு குடுத்தா வாங்குவாவ?" தை மாசத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றில் திருப்புடைமருதூருக்குக் கிளம்பினோம். நாறும்பூநாதர் கோயிலில் தலவிருட்சமே மருதுதான் என்பதால் மாமாவுக்கு ஏக நம்பிக்கை.

சாமி கும்பிட்டுவிட்டு ஆற்றங்கரைக்கு வந்ததும் மாமா ஒரு பெரிய மரத்தைக் கைகாட்டினார். அடிமரம் சுண்ணாம்பு அடித்த சுவர் மாதிரி இருந்தது. "பாத்தியா? வெள்ளைப் பட்டை. மருது. இதுக்கு மேல என்ன வேணும்?"

இலையைப் பார்த்தால் ஒரு நொடியில் தெரிந்துவிடும். ஆனால் கீழ்க் கிளையே மூன்று ஆள் உயரத்துக்கு மேல் இருந்தது. மேலே கிளைக்குக் கிளை கொக்கும் நாரையும் கூடு கட்டியிருந்தன. மாமா அண்ணாந்து பார்க்க ஆரம்பித்தார். "மாமா, வாயையாவது மூடிக்கிடுங்க" என்றேன்.

அந்த மரத்தின் வெள்ளை எனக்கு உதைத்தது. அது மேலிருந்து கோடுகோடாக வழிந்திருந்தது, அதுவும் கூடுகளுக்கு நேர்கீழே மட்டும். மரத்தைச் சுற்றிப் பின்பக்கம் போனால் பட்டை கறுப்புப் பழுப்பு. நெடுக்காக வெடித்து, விரல் வைத்தால் சொரசொரவென்று இருந்தது. வெள்ளைப் பக்கத்தை விரலால் தேய்த்தேன், பொடியாக வந்தது. மாமாவும் தேய்த்தார். தேய்த்ததோடு விடாமல் விரலை மூக்குக்கும் கொண்டுபோனார். அப்புறம் படித்துறை வரைக்கும் ஓடிப்போய் கை கழுவிவிட்டு வந்தார்.

"எச்சமா இருந்தா என்ன, அதுக்குக் கீழ மருதா இருக்கப்படாதா?" வாத்தியார் வேலை பார்த்தவர், லேசில் விடமாட்டார்.

சரி, அடுத்த மரத்துக்குக் கூட்டிப்போனேன். இதுதான் மருது. வெளிறிய சாம்பல் நிறத்தில், தடவினால் வழவழப்பு. வெடிப்பே கிடையாது. மேல்தோல் மெல்லிய பெரிய ஏடுகளாகத் தானாகவே உரிந்துவிடும், உரிந்த இடம் இளஞ்சிவப்பாகத் தெரியும். அதனால் ஒரே மரம் திட்டுத்திட்டாக இரண்டு மூன்று நிறத்தில் நிற்கும். அடியில் தண்டு உருண்டையாக இல்லாமல், வேர்ப்பக்கம் புடைத்து, பள்ளமும் மேடுமாக இருக்கும். எச்சம் பட்ட மரத்தில் இது எதுவும் இல்லை.

மாமா ஒரு ஓரத்தைக் காட்டி மடக்கினார்: "இங்க ஏன் கறுப்பா, முரடா இருக்கு?" நியாயமான கேள்வி. நம்மை மாதிரிக் கஷாயக்காரர்கள் எப்போதோ செதுக்கிய காயம் ஆறிய தழும்பு அது. வழியோரத்து மருதுகளில் கை எட்டும் உயரத்தில் இப்படித்தான் இருக்கும். அந்த ஒரு இடத்தை மட்டும் தொட்டுப் பார்த்தால் வேறு மரம் என்று தோன்றிவிடும். தழும்புக்கு மேலேயும் மறுபக்கமும் பார்க்கவேண்டும். கன்று மரமாக இருந்தால் இந்தப் பட்டை வித்தையும் உதவாது, இளசில் பல மரங்களுக்கும் வழவழப்புதான்.

மீதிச் சந்தேகத்தைக் கிளை தீர்த்தது. கொஞ்சம் தள்ளி நின்று, வானத்துக்கு எதிராக இரண்டையும் பார்த்தோம். மருதின் கிளைகள் அகலமாகப் போய், நுனியில் ஆற்றுப் பக்கமாகத் தொங்கின. எச்ச மரத்தில் சிறுகிளைகள் தடியாக இருந்தன. இலையெல்லாம் கிளை நுனிகளில் மட்டும் கொத்தாக நெருங்கி, நடுவில் கிளை மொட்டையாகத் தெரிந்தது. அது இலுப்பை. தனி இலையின் வடிவம் தெரியாத தூரத்திலும் இந்தக் கொத்து தெரியும்.

மாமா ஒத்துக்கொள்வதற்காக மருதின் அடியில் குனிந்து தேடினேன். ஐந்து இறக்கை வைத்த காய்ந்த காய் கிடைத்தது. கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தவர், "நான் மொதல்ல இந்த மரத்தத்தான் காட்டுனேன்" என்றார்.

பட்டையை உரிக்க அரிவாளைப் பையிலிருந்து எடுத்தபோதுதான் ஆடு மேய்த்துக்கொண்டிருந்த பெரியவர் குரல் கொடுத்தார். "ஏ அண்ணாச்சி, அதுல கை வைக்காதிய. இது பறவைக்கு விட்ட எடம், பாரஸ்டுகாரன் வந்தாம்னா ஒங்களத்தான் உரிப்பான்." 2005-லேயே இது காப்பகமாகிவிட்டது என்று நான் விளக்குவதற்குள் அரிவாள் பைக்குள் போய்விட்டது.

திரும்பும் வழியில் அம்பாசமுத்திரத்தில் நாட்டு மருந்துக் கடையில் நிறுத்தினோம். மாமா பொட்டலத்தைப் பிரித்து ஒவ்வொரு துண்டாக எடுத்து, வெளிப்பக்கம் வழவழப்பா, உள்பக்கம் சிவப்பா என்று வெளிச்சத்தில் பார்த்தார். கடைக்காரர் பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு, "என்ன அண்ணாச்சி, சட்டைல பின்னால ஏதோ வெள்ளையா வழிஞ்சிருக்கே?" என்றார்.