ஒரு வெள்ளைக் கோடும் ஓர் இடைவெளியும்

12 மார்ச் 2024, செவ்வாய்

புளோரிடாவின் இந்தப் பகுதியில் காலை பதினொரு மணிக்கு மேல் காற்று சற்றுக் குலுங்கத் தொடங்கிவிடும் என்பதால், தேர்வை எட்டு மணிக்கே வைத்திருந்தார்கள். ஒரு மணிக்கு என் மாணவன் தொலைபேசியில் அழைத்து, "சார், ஃபெயில்" என்று மட்டும் சொன்னான். தனியார் விமானி உரிமத்துக்கான முதல் பறத்தல் தேர்வு இது. வாய்மொழித் தேர்வு, இறக்கை தூக்குவிசை இழக்கும் ஸ்டாலிலிருந்து மீள்வது, அதிகச் சாய்வுத் திருப்பங்கள், இயந்திரம் நின்றதாக வைத்துச் செய்யும் அவசர இறக்கம் என எல்லாவற்றிலும் தேறியவன், குறுகிய ஓடுபாதை இறக்கம் என்ற ஒன்றில் விழுந்திருக்கிறான்.

தேர்வாளர் குறித்துக் கொடுத்த இடத்திலோ அதைத் தாண்டி 200 அடிக்குள்ளோ சக்கரம் தரையைத் தொட வேண்டும் என்பது விதி. இவன் அதற்கு அப்பால் வெகுதூரம் மிதந்து சென்று இறங்கினானாம்.

என் மாணவர்களுள் முதல் முயற்சியில் தேறுவோரின் விகிதம் என் பயிற்றுநர் சான்றைப் புதுப்பிக்கும் வழிகளுள் ஒன்றுக்குக் கணக்கில் வரும். இன்று இதையும் நினைத்தேன் என்று எழுதிவைக்க வெட்கமாகத்தான் இருக்கிறது.

13 மார்ச், புதன்

அவன் பயிற்சிக்கு வரவில்லை. நேரில் பேசினால் தலையைக் குனிந்துகொண்டு "சரி சார்" என்று மட்டும் சொல்வான் என்பதால், கடிதம் எழுதலாம் என்று உட்கார்ந்தேன். விமானத்துக்குள் நாங்கள் ஆங்கிலத்தில்தான் பேசுவோம். கடிதம் தமிழில் இருக்கட்டும் என்று முடிவு செய்தேன். முதல் பக்கம் முழுவதும் "மனம் தளராதே", "இதெல்லாம் சகஜம்" என்று நிரம்பியிருப்பதைப் பார்த்துக் கிழித்துப் போட்டேன். என்ன தவறு நடந்தது என்று தெரியாமல் நான் சொல்லும் ஆறுதலை அவன் எதற்காக நம்ப வேண்டும்?

மாலையில் விமானத்தின் திரைக்கருவியில் இருந்த நினைவட்டையை எடுத்து வந்து, வினாடிக்கு ஒரு வரியாகப் பதிவாகியிருந்த கோப்பைத் திறந்தேன். `IAS` என்ற பத்தியில் வேகம் இருக்கும். எங்கள் செஸ்னா 172S விமானத்துக்குக் கையேடு தரும் குறுகிய ஓடுபாதை அணுகு வேகம் 61 நாட். முந்நூறு அடி உயரம் வரை 61, 62 என்று அழகாக வந்த வேகம், அதன் பிறகு 64, 66 என ஏறி, ஓடுபாதை விளிம்பின் மேல் 68 ஆகியிருக்கிறது. தேர்வு விதியோ 10 நாட் கூடுதல் வரை பொறுத்துக்கொள்ளும். ஆகவே வேகத்துக்காக அவனைத் தோற்கடித்திருக்க முடியாது. வேகம் வரம்புக்குள் இருந்தும் இறக்கம் வரம்பைத் தாண்டியது எப்படி என்பதுதான் கேள்வி.

15 மார்ச், வெள்ளி

நேற்று நானே அந்தத் தேர்வு நடந்த விமானநிலையத்துக்குப் பறந்து சென்று பார்த்தபோது விடை கிடைத்தது, அதில் என் பங்கு சிறிதல்ல. நாங்கள் பழகும் ஓடுபாதையின் அகலம் 75 அடி, அதன் ஓரத்தில் இறங்கும் பாதையின் சரிவைக் காட்டும் நான்கு விளக்குகள் உண்டு. இரண்டு வெள்ளை, இரண்டு சிவப்பு தெரிந்தால் உயரம் சரி. தேர்வு நடந்த ஓடுபாதையோ 150 அடி அகலம், அதன் சரிவு விளக்குகள் அன்று அணைந்திருந்தன. பழகியதைவிட அகலமான ஓடுபாதையைப் பார்க்கும் கண், நாம் தாழ்வாக வருவதாக நம்மை ஏமாற்றும். விளக்குகளும் இல்லாததால் அவன் தன்னை அறியாமல் உயரத்தைத் தக்கவைத்துக்கொண்டு, கடைசியில் "உயரமாகிவிட்டோம்" என்று உணர்ந்ததும் விமானத்தின் மூக்கைக் கீழே சாய்த்திருக்கிறான்.

இன்று எழுதிய கடிதத்தின் நடுப்பகுதியை இங்கே படியெடுத்து வைக்கிறேன்.

"அன்புள்ள தம்பிக்கு,

உன் பதிவைப் பார்த்துவிட்டேன். முந்நூறு அடியில் நீ உயரமாக இருந்ததைச் சரியாகவே கண்டுபிடித்தாய். ஆனால் த்ராட்டிலைக் குறைப்பதற்கு முன்பே மூக்கைச் சாய்த்துவிட்டாய். சாய்த்த மூக்கு உயரத்தை வேகமாக மாற்றியது. ஏழு நாட் என்பது பார்வைக்குச் சிறியது. ஆனால் விமானத்தின் இயக்க ஆற்றல் வேகத்தின் வர்க்கத்தோடு வளரும் என்பதால், 61 நாட்டில் வந்திருக்க வேண்டியதைவிட ஏறத்தாழ கால் பங்கு கூடுதல் ஆற்றலோடு நீ விளிம்பைக் கடந்தாய். தரைக்கு அருகில், இறக்கையின் நீளத்துக்கும் குறைவான உயரத்தில், காற்றின் இழுவை குறைந்துவிடும். அந்தக் கூடுதல் ஆற்றல் கரைய இடமில்லாமல் விமானம் மிதந்துகொண்டே போகும். நொடிக்கு நூறு அடிக்கு மேல் ஓடும் விமானம் மூன்று நொடி மிதந்தால் என்ன ஆகும் என்று நீயே கணக்கிட்டுக்கொள்.

இன்னொன்றையும் கவனி. ஓடுபாதையின் நடுவில் உள்ள வெள்ளைக் கோடு ஒவ்வொன்றும் பொதுவாக 120 அடி, அடுத்த கோட்டுக்கு முன் உள்ள இடைவெளி 80 அடி. ஒரு கோடும் ஓர் இடைவெளியும் சேர்ந்தால் உனக்குத் தரப்பட்ட 200 அடி. குறித்த இடத்தைத் தாண்டி ஒரு கோடும் ஓர் இடைவெளியும் உன் சக்கரத்துக்குக் கீழே போய்விட்டது என்றால், இந்த இறக்கம் முடிந்தது. அந்த நொடியில், ஏன் அதற்கும் முன்பே, முழு த்ராட்டில் கொடுத்து மேலே ஏறிச் சுற்றி வந்திருக்கலாம். உரிய நேரத்தில் அப்படிச் சுற்றிப் போவது தேர்வு விதியிலேயே எழுதப்பட்ட திறமை. அதற்காக உன்னைத் தோற்கடிக்க மாட்டார்கள். நீ தோற்றது மிதந்ததால் மட்டும் அல்ல, மிதக்கும்போது இறக்கியே தீருவேன் என்று காத்திருந்ததால்.

சரிவு விளக்கு இல்லாத ஓடுபாதையில் உன்னை ஒருமுறையாவது இறங்கவிட்டிருக்க வேண்டியவன் நான். அது என் குறை.

தோல்வி என்று சொன்ன பிறகு தேர்வாளர் தொடர விருப்பமா என்று கேட்டதற்கு நீ சம்மதித்து, அதன் பிறகு செய்த அதிகச் சாய்வுத் திருப்பங்களில் உயரம் ஐம்பது அடிகூட மாறவில்லை என்று பதிவு சொல்கிறது. கை நடுங்கும் நேரத்தில் அதைச் செய்தவன் நீ. அதனால்தான் இப்போது மீதி இருப்பது ஒரே ஒரு இறக்கம். தேறியவற்றுக்கான மதிப்பு 60 நாள்களுக்கு நிற்கும், அதாவது மே 11 வரை. நான் கூடுதல் பயிற்சி கொடுத்து உன் பதிவேட்டில் கையொப்பமிட்ட பிறகுதான் மறுதேர்வு. நாளைக்கு விமான நிறுவனம் கேட்டால் இந்தத் தோல்வியை மறைக்காதே. பதிவில் இருக்கும். என்ன நடந்தது, எதைத் திருத்தினாய் என்று இந்தக் கடிதத்தில் உள்ளபடியே சொல்."

18 மார்ச், திங்கள்

வந்தான். கடிதத்தைப் பற்றி ஒன்றும் பேசவில்லை. "சார், மூக்கை இல்லை, த்ராட்டிலை முதலில், சரியா?" என்றான். அகலமான ஓடுபாதை ஒன்றுக்குப் போனோம். அங்கே எரிந்த சரிவு விளக்குகளை அவன் பார்க்காதபடி என் குறிப்பட்டையை உயர்த்தி மறைத்தேன். முதல் மூன்று சுற்றிலும் உயரமாகவே வந்தான். ஒவ்வொரு முறையும் வலது கை த்ராட்டிலை நோக்கிப் போகத் தயங்கியது. நான்காவதில் உயரம் தெரிந்தவுடன் முதலில் த்ராட்டிலைக் குறைத்து, வேகம் குறையாத அளவுக்கு மட்டும் மூக்கைத் தாழ்த்தினான். வேகம் 61-லேயே நின்றது, சக்கரம் குறிக்குப் பின் முதல் கோட்டின் மேல் அமர்ந்தது.

21 மார்ச், வியாழன்

எட்டு இறக்கங்கள். ஆறு வரம்புக்குள் வந்தன, ஒன்று வரம்பின் விளிம்பில். இன்னொன்றில் நான் வேண்டுமென்றே பேச்சுக் கொடுத்து அவன் கவனத்தைக் கலைத்தேன். விளிம்பின் மேல் வேகம் 67 ஆகி, விமானம் மிதக்கத் தொடங்கியது. நான் வாயைத் திறப்பதற்குள் த்ராட்டில் முழுவதும் முன்னால் போய்விட்டது, ஃபிளாப்பைப் படிப்படியாக மேலே எடுத்தான், "கோயிங் அரவுண்ட்" என்று வானொலியில் அமைதியாகச் சொன்னான்.

இறங்கிய பிறகு அவன் பதிவேட்டை வாங்கிக் கையொப்பமிட்டேன்.