தீபாவளிக் கடலை மாவுக் கணக்கு

சென்ற தீபாவளிக்கு எங்கள் மளிகைக் கடையில் 75 கிலோ கடலை மாவு வாங்கி வைத்தேன். பண்டிகைக்கு முந்தைய பத்து நாட்களில் 48 கிலோதான் விற்றது. மீதமிருந்த 27 கிலோ, வாரத்துக்கு மூன்று கிலோ போகும் எங்கள் தெருவில், ஒன்பது வாரச் சரக்கு. கார்த்திகை முடிவதற்குள் மூட்டையின் ஓரங்களில் மாவு கட்டிகட்டியாகச் சேர்ந்து, சலித்துப் பார்த்தால் வண்டு தெரிந்தது. கிலோ நூறு ரூபாய் என்றாலும் 2,700 ரூபாய் அதில் முடங்கியது. அந்தப் பணம் கையில் இருந்திருந்தால், கடைசி இரண்டு நாட்களில் தீர்ந்துபோன எண்ணெயை மறுபடியும் வாங்கியிருப்பேன்.

இம்முறை பண்டிகைக்கு 12 நாட்களுக்கு முன்பு 25 கிலோ மட்டும் எடுக்கப் போகிறேன். போனஸ் கைக்கு வந்த பிறகே எங்கள் பகுதியில் பலகாரச் சாமான் வாங்குவார்கள் என்பதால், சரக்கு எடுத்த ஐந்தாம் நாள் காலையில் இருப்பை எடைபோட்டு, பத்து கிலோவுக்குக் கீழே இறங்கியிருந்தால் மட்டும் இன்னொரு 25 கிலோவுக்குச் சொல்வேன். மொத்தக் கடையில் அந்த வாரம் விலை கொஞ்சம் ஏறியிருக்கலாம். கிலோவுக்கு மூன்று, நான்கு ரூபாய் கூடக் கொடுப்பது வண்டுக்குக் கொடுப்பதைவிடக் குறைவுதான்.

அதற்கு மேலும் கேட்டால் என்ன செய்வது என்று மனைவி கேட்டார். கடலைப் பருப்பைக் கூடுதலாக ஒரு மூட்டை வைத்துக்கொள்கிறேன். பருப்பு மாவைவிட நெடுநாள் தாங்கும், பண்டிகை முடிந்தும் விற்கும், அவசரமென்றால் பக்கத்து மில்லில் அன்றே அரைத்துவிடலாம். எசென்ஸ், கலர்ப் பொடி போன்றவற்றில் வகைக்கொரு பெட்டிக்கு மேல் இறக்கப் போவதில்லை.