பழைய தறிக்கு மோட்டார் பொருத்தப் படம் போட்ட கதை

நகரியில் நாங்கள் வாங்கிய பழைய விசைத்தறி மோட்டார் இல்லாமல்தான் வந்தது. என்ன மோட்டார், எத்தனை அங்குல புல்லி என்று மேஸ்திரியிடம் கேட்டேன். "முதல்ல படம் போட்டுக் கொண்டா தம்பி, அப்புறம் கடைக்குப் போகலாம்" என்றார்.

மோட்டார் இருக்கும் பக்கம் நின்று பார்ப்பது போல வரைந்தேன். எந்தப் பக்கம் நின்று பார்க்கிறோம் என்பதைப் படத்திலேயே எழுதிவிட வேண்டும். தறியின் மறுமுனையில் நின்று பார்ப்பவருக்கு எல்லா அம்புக்குறியும் தலைகீழாகத் தெரியும். மோட்டாருக்கும் தறிச் சக்கரத்துக்கும் இரண்டு வட்டங்கள் போட்டு, பெல்ட்டுக்காக மேலும் கீழும் இரண்டு நேர்கோடுகள் இழுத்தேன். பல்சக்கரங்களுக்குப் பல் வரைய வேண்டாம். ஒன்றையொன்று தொடும் இரண்டு வட்டங்கள் போதும்.

மேஸ்திரி தறிச் சக்கரத்தைக் கையால் தள்ளி, கிராங்க் ஷாஃப்ட் சுற்ற வேண்டிய திசையைக் காட்டினார். நான் நின்ற பக்கத்திலிருந்து அது வலச்சுற்று. குறுக்கே போடாத பெல்ட் என்பதால் மோட்டாரும் வலச்சுற்றுதான். கிராங்கில் 36 பல், அதோடு கடிக்கும் பாட்டம் ஷாஃப்ட் சக்கரத்தில் 72 பல். கடிக்கும் இடத்தில் இரண்டு சக்கரத்தின் பல்லும் ஒரே பக்கம்தான் நகரும். அங்கே ஒரு சின்ன அம்பு போட்டாலே பாட்டம் ஷாஃப்ட் இடச்சுற்று என்பது தெரிந்துவிடும்.

வேகத்துக்கு வருவோம். கிராங்க் ஒரு சுற்றுக்கு, ஊடு நூலைக் கொண்டுபோகும் நாடா ஒரு முறை ஓடும். எங்களுக்கு நிமிடத்துக்கு 120 சுற்றுக்குள் இருந்தால் போதும். தறிச் சக்கரம் 24 அங்குலம். கைவசம் இருந்த மோட்டாரில் 1425 சுற்று என்று போட்டிருந்தது. அதற்குக் கணக்குப் போட்டால் 2 அங்குல புல்லி வந்தது. அவ்வளவு சின்ன புல்லியில் வி-பெல்ட் அதிகமாக மடங்கி சீக்கிரம் வெடித்துவிடும், பிடிப்பும் போதாது. அதனால் 940 சுற்று மோட்டாரை எடுத்தோம்.

940 × 3 ÷ 24 = 117.5

3 அங்குல புல்லி சரியாக அமைந்தது. பாட்டம் ஷாஃப்ட்டுக்கு அதில் பாதி, 58.75. அது ஒரு முறை சுற்றுவதற்குள் நாடாவை இடமிருந்து ஒரு தடவை, வலமிருந்து ஒரு தடவை அடித்து அனுப்ப வேண்டும். இந்தப் பாதி இம்மியும் பிசகக்கூடாது என்பதால்தான் அங்கே பெல்ட் வைக்காமல் பல்சக்கரம் வைக்கிறார்கள்.

பெல்ட் மாட்டும் முன் மோட்டாரை மட்டும் ஓட்டிப் பார்த்தோம். இடச்சுற்றாக ஓடியது. மின்சாரத்தை நிறுத்தி, மூன்று பேஸ் வயரில் இரண்டை மாற்றிப் போட்டதும் படத்தில் இருந்தபடி ஓடியது. தறிச் சக்கரத்தில் சாக்பீஸ் கோடு போட்டு ஒரு நிமிடம் எண்ணினால் 115 வந்தது. குறைந்த இரண்டு சொச்சம் பெல்ட் வழுக்குவதில் போவது. தறியை நிறுத்திக் கிராங்கைக் கையால் பத்துச் சுற்று சுற்றினால் பாட்டம் ஷாஃப்ட் சரியாக ஐந்து சுற்றியது.

மூன்றரை அங்குல புல்லி போட்டால் 137 வரும் என்றேன். நாடாவை அடிக்கும் கட்டை தாங்காது என்றார் மேஸ்திரி. 3 அங்குலத்தையே வைத்துக்கொண்டோம்.