காமாலையும் பர்மிட்டும்: ஆர்.டி.ஓ. ஆபீஸுக்கு மூணு நடை

என் ஆட்டோ பர்மிட் செப்டம்பர் 30-ல் முடியுது. அந்தத் தேதி வரைக்கும் நேரம் இருக்குன்னுதான் நானும் நினைச்சிருந்தேன். அது தப்பு. மோட்டார் வாகனச் சட்டம் 81-ஆம் பிரிவுப்படி, பர்மிட் முடிய குறைஞ்சது 15 நாளுக்கு முன்னாடியே புதுப்பிக்கிற மனு போயிருக்கணும். எனக்குக் கடைசி நாள் 15-ஆம் தேதி.

செப்டம்பர் 4-ல் கண்ணு மஞ்சளாச்சு. ஒரு வாரம் கீழாநெல்லி, மோர்சோறு, பத்தியம். 12-ஆம் தேதி நிற்கவே முடியாமப் போய் ஆஸ்பத்திரியில சேர்ந்தேன்.

13-ஆம் தேதி மனைவியை ஒரு கடிதத்தோடு அனுப்பினேன். 'உடல்நலம் சரியில்லாததால் ஒரு மாதம் கூடுதல் அவகாசம் தரவும்'னு எழுதியிருந்தேன். கவுண்டர்ல இருந்தவர் வாசிச்சுட்டு, "அவகாசம் கொடுக்கறதுக்கு எங்களுக்கு அதிகாரம் இல்லம்மா, ஓனரையே வரச் சொல்லுங்க"ன்னு கையில திருப்பிக் கொடுத்துட்டார். அவளும் வாங்கிட்டு வந்துட்டா. நாங்க பண்ணின பெரிய தப்பு இதுதான். அதைத் தபால் பிரிவில் கொடுத்து, நகல்ல சீல் வாங்கியிருக்கணும். கடைசி நாளுக்கு முன்னாடியே தெரிவிச்சோம்ங்கிறதுக்கு ஒரு துண்டுச் சீட்டாவது கையில இருந்திருக்கும்.

20-ல் டிஸ்சார்ஜ். 26-ல் நானே போனேன், தள்ளாடிக்கிட்டு. அதே கவுண்டர், அதே ஆள்.

"15-ஆம் தேதியோட முடிஞ்சுபோச்சே. நாலாம் தேதியே காமாலைன்னு சொல்ற, அப்பவே வரவேண்டியதுதானே? அதுக்குச் சர்டிபிகேட் எங்க?"

"அப்போ நாட்டு மருந்து சாப்பிட்டேன் சார்."

"கீழாநெல்லிக்குச் சர்டிபிகேட் உண்டா?"

பக்கத்துல நின்ன நாலு பேர் சிரிச்சாங்க. எனக்கு அழுகைதான் வந்துச்சு.

உள்ளே சூப்பிரண்டு அம்மா ஒருத்தர் இருந்தாங்க. காகிதத்தை வாங்கி நிதானமா வாசிச்சாங்க. அவங்க சொன்னதுதான் இந்தப் பதிவே எழுதக் காரணம். "அவகாசம்னு கேட்டா யாராலயும் கொடுக்க முடியாது தம்பி. சட்டத்துல இருக்கிறது வேற. தக்க காரணத்தால நேரத்துக்கு மனு போட முடியலைன்னு அதிகாரிக்குத் திருப்தியானா, கடைசி நாளுக்கு அப்புறமும் மனுவை எடுத்துக்கலாம். 81(3). அதனால தாமதத்தை மன்னிச்சு மனுவை ஏத்துக்கச் சொல்லி எழுதுங்க. மனுவையும் கூடவே வைங்க."

கீழாநெல்லி வாரத்துக்குச் சர்டிபிகேட் வேண்டாம்னும் அவங்களே சொன்னாங்க. 15 வரைக்கும் மனு போட எனக்கு உரிமை இருந்தது. அந்த 15-ல் நான் படுக்கையில இருந்தேன். காரணம் காட்டவேண்டியது 15-லிருந்து மனு கொடுக்கிற நாள் வரைக்கும்தான். 20 வரைக்கும் டிஸ்சார்ஜ் சம்மரி பேசுது. 21-லிருந்து 26 வரை? அங்கதான் மாட்டினேன். 'பத்து நாள் ஓய்வு'ன்னு டாக்டர் எழுதினது ரெண்டாம் பக்கத்தோட அடியில. நான் ஜெராக்ஸ் எடுத்தது முதல் பக்கம் மட்டும்!

மறுநாள் ரெண்டு பக்கமும், ஆர்.சி., எஃப்.சி., இன்சூரன்ஸ், வரி, பழைய பர்மிட் எல்லாம் சேர்த்து, கடிதத்தைப் புதுசா எழுதிக் கொண்டுபோனேன்:

'பொருள்: ஒப்பந்த ஊர்தி அனுமதிச் சீட்டு புதுப்பித்தல் – தாமதத்தை மன்னித்து மனுவை ஏற்கக் கோருதல்.

என் ஆட்டோவின் அனுமதி 30.09 அன்று முடிவடைகிறது. நான் 12.09 முதல் 20.09 வரை மஞ்சள் காமாலைக்காக மருத்துவமனையில் உள்நோயாளியாக இருந்தேன். அதன்பின் பத்து நாள் ஓய்வெடுக்க மருத்துவர் அறிவுறுத்தியுள்ளார். இதனால் 15.09-க்குள் மனு அளிக்க இயலவில்லை. பிரிவு 81(3)-ன்படி எனது மனுவை ஏற்குமாறு வேண்டுகிறேன்.'

அவ்வளவுதான். குடும்ப கஷ்டம், பிள்ளை ஃபீஸ் எல்லாம் எழுதியிருந்தேன். அந்த அம்மா பேனாவால அடிச்சுட்டாங்க. தேதி மட்டும் பேசட்டும்னாங்க.

இன்னொரு விஷயம். மனு வாங்கிட்டாங்கன்னு 1-ஆம் தேதி வண்டியை எடுத்துடாதீங்க. பர்மிட் இல்லாம ஓட்டி மாட்டினா 192A-வில் அபராதமே பத்தாயிரம். புதுப்பிக்கிற மனு நிலுவையில இருக்கிறப்போ 87-ஆம் பிரிவுல தற்காலிக பர்மிட் கேட்கலாம், அதிகபட்சம் நாலு மாசத்துக்கு. கவுண்டர்ல யாரும் இதை எனக்குச் சொல்லலை. ஸ்டாண்டுல ஒரு அண்ணன் சொல்லித்தான் தெரியும். தனியா மனு எழுதி, தனியா கட்டணம் கட்டினேன்.

இந்தத் தடவை ரெண்டு மனுவையும் தபால் பிரிவிலதான் கொடுத்தேன். நகல்ல சீல் விழுந்த சத்தம் கேட்ட பிறகுதான் அந்த இடத்தை விட்டு நகர்ந்தேன். தற்காலிக பர்மிட் வந்ததும் முதல் சவாரி, காய்கறி மூட்டையோட ஒரு பாட்டி. "என்னப்பா, ஒரு மாசமா ஆளையே காணோம்?"னு கேட்டுக்கிட்டே ஏறினாங்க.