மூத்த பொறியாளருக்கு 200 எழுத்தில் ஒரு மடல்

மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கம் ஒரு செம்பனை ஆலையில் பாய்லர் பிரிவில் இருக்கிறேன். நீராவிப் பொறியாளர் சான்றிதழ்த் தேர்வு எழுத வேண்டும். அதை எழுதி, பல ஆலைகளைப் பார்த்த மூத்த பொறியாளர் ஒருவர் லிங்க்ட்இன்னில் இருந்தார். பாய்லர் ஓட்டும் வேலையிலேயே இருப்பதா, பராமரிப்புப் பக்கம் மாறுவதா என்று அவரிடம் கேட்க ஆசை.

தமிழில் மரியாதையாக ஒரு பக்கம் எழுதி, எங்கள் டவுனில் கடிதம் அடித்துத் தரும் அண்ணனிடம் கொடுத்தேன். வணக்கம், நலம் விசாரிப்பு, தொந்தரவுக்கு மன்னிப்பு என எல்லாவற்றையும் வரிக்கு வரி ஆங்கிலமாக்கினார். லிங்க்ட்இன் இலவசக் கணக்கில் இணைப்பு அழைப்போடு சேர்த்து அனுப்பும் குறிப்புக்கு 200 எழுத்துதான் இடம், இடைவெளியும் அதில் சேர்த்தி. அடங்கியதை வைத்துக்கொண்டு மிச்சத்தை வெட்டிவிட்டு, என்னிடம் காட்டாமலே அனுப்பிவிட்டார். என் கேள்வி கடைசியில் இருந்தது. அதுதான் போயிற்று. எனக்கு வந்த ஆத்திரம் சொல்லி மாளாது. காசும் வாங்கிக்கொண்டாரே!

அழைப்பைத் திரும்பப் பெற்றோம். அப்படிச் செய்தால் அதே ஆளுக்கு மூன்று வாரம் வரைக்கும் மறுபடி அனுப்ப முடியாது என்பது அதற்குப் பிறகுதான் தெரிந்தது. கவனமாக இருங்கள்.

காத்திருந்த நேரத்தில் பெரியம்மா மகள் உதவினார், இடைநிலைப்பள்ளி ஆசிரியை. என் தமிழ்த் தாளை எடுத்துப் பென்சிலோடு உட்கார்ந்தார். “இந்த வரியைப் படிச்சா அவரு என்னடா செய்யணும்?” என்று ஒவ்வொரு வரிக்கும் கேட்டார். பதில் இல்லாத வரியை அடித்தார். அப்பா மரம் வெட்டியது, குடும்ப நிலைமை எல்லாம் போயின. “மரியாதை போயிடுமே அக்கா” என்றேன். “பேருக்கு முன்னால Ir. போடு, கடைசியில நன்றி சொல்லு, போதும்” என்றார். பதிவுபெற்ற தொழில்முறைப் பொறியாளருக்கு இங்கே அந்தப் பட்டம்தான் மரியாதை. அதை விட்டுவிட்டால் கண்ணில் குத்தும்.

மிஞ்சியது இவ்வளவுதான்: செம்பனை ஆலை பாய்லர் பிரிவில் இருக்கிறேன், நீராவிப் பொறியாளர் தேர்வுக்குத் தயாராகிறேன். நீங்களாக இருந்தால் ஓட்டும் பணியில் நீடிப்பீர்களா, முதலில் பராமரிப்புக்கு மாறுவீர்களா? நன்றி.

அதை அக்கா ஆங்கிலமாக்கியபோது 200க்குள் அடங்கி இடமும் மிஞ்சியது. எழுத்தை ஆங்கிலத்தில்தான் எண்ணிப் பார்க்க வேண்டும், தமிழ் வரைவின் நீளத்தை நம்பாதீர்கள். கேள்வி நடுவில் நிற்கட்டும். ஒன்றே கேளுங்கள், அதுவும் ஒரு வரியில் பதில் சொல்லக்கூடியதாக.

அவர் அழைப்பை ஏற்று எழுதினார். மாறத் தேவையில்லை, ஆனால் ஆய்வுக்காகப் பாய்லரை நிறுத்தித் திறக்கும் நாள்களில் பராமரிப்பு ஆட்களோடு உள்ளே போய்க் குழாய்களைப் பார், பார்த்ததை எழுதி வை என்றார். அடுத்த நிறுத்தத்துக்கு என் பெயரைச் சேர்க்கும்படி மேனேஜரிடம் சொல்லிவிட்டேன்.